யாரிடம் சொல்வது, யார் சரிசெய்வது

விபத்து நடக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கூடிவந்து, கடைசி நொடியில் யாருக்கும் அடிபடாமல் போன சம்பவத்தைத் தொழிற்சாலைகளில் ‘நியர் மிஸ்’ என்கிறார்கள். விபத்து நடந்தால் உடைந்த இயந்திரமும் ரத்தக்கறையும் மருத்துவமனைப் பதிவும் மிஞ்சும். நியர் மிஸ் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. நடந்தது தெரிந்தவர் அந்த இடத்தில் நின்றவர் ஒருவர்தான். பெரும்பாலும் ஏதோ ஒரு விதியை மீறியவரும் அவராகத்தான் இருப்பார். அவர் வாய் திறக்காவிட்டால் அந்தத் தகவல் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். எந்தச் சட்டத்தாலும் சுற்றறிக்கையாலும் அதைப் பிடுங்க முடியாது. சொல்ல வைக்கும் வழியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, சொன்னதை வைத்து ஏதாவது செய்ய வைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை அமெரிக்க விமானத் துறை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

1974 டிசம்பர் 1ஆம் தேதி டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வாஷிங்டன் நகரின் நேஷனல் நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. அங்கே பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்ததால் டல்லஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ஓடுதளத்துக்கு இன்னும் 44 மைல் இருக்கும்போதே, தரையிறங்கும் அணுகுமுறைக்கு அனுமதி என்று தரைக்கட்டுப்பாட்டாளர் அறிவித்தார். எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. விமானிகள் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினார்கள். வரைபடத்தில் ரவுண்டு ஹில் என்ற புள்ளி வரை 3,400 அடிக்குக் கீழே வரக் கூடாது என்று இருந்தது. தலைமை விமானி அதைக் கவனிக்கவும் செய்தார். ஆனால் அனுமதி வந்துவிட்டதால் இறங்கலாம் என்றுதான் அதற்குப் பொருள் என்று முடிவுசெய்தார். மலை குறுக்கே இருந்தால் கட்டுப்பாட்டாளர் விடமாட்டார் என்பது விமானிகளின் எண்ணம். வரைபடத்தில் இருப்பதை விமானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது கட்டுப்பாட்டாளரின் எண்ணம். மேகத்துக்குள் வந்துகொண்டிருந்த விமானம் வெர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலைமுகட்டில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி எல்லோரையும் உலுக்கியது. ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே வழியில், இதே அனுமதியை இதே போலத் தப்பாகப் புரிந்துகொண்டு, இதே மலையை மயிரிழையில் தாண்டி இறங்கியிருந்தது. இறங்கிய பிறகு விஷயம் புரிந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். யுனைடெட் அந்த ஆண்டுதான், சொல்பவர் மீது நடவடிக்கை கிடையாது என்ற உறுதியோடு உள்ளுக்குள் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தன் விமானிகளை அது எச்சரிக்கவும் செய்தது. அதாவது நம்பிக்கை இருந்தது, நடவடிக்கையும் இருந்தது. நிறுவனத்தின் வாசலைத் தாண்டித் தகவல் போக வழி மட்டும் இல்லை. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அது எட்டவே இல்லை.

இதை நாடு முழுமைக்கும் விரிக்க அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1975 மே மாதம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நடந்ததை எழுதி அனுப்புங்கள், தண்டனையில் சலுகை உண்டு என்றது. விமானிகள் தயங்கினார்கள். காரணம் எளிது. எஃப்.ஏ.ஏ.தான் விமானிகளின் உரிமத்தை முடக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு. தண்டிக்கும் கையும் கடிதம் வாங்கும் கையும் ஒன்றாக இருக்கும்போது, எவ்வளவு நல்ல வாக்குறுதி கொடுத்தாலும் எழுதுபவர் கை நடுங்கத்தான் செய்யும். இதைப் புரிந்துகொண்ட எஃப்.ஏ.ஏ., அதே ஆண்டு ஆகஸ்டில் விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவோடு உடன்பாடு செய்தது. நாசாவுக்கு விமானம் தெரியும், ஆராய்ச்சி தெரியும். யாருடைய உரிமத்தையும் பறிக்கும் அதிகாரம் கிடையாது. 1976 ஏப்ரலில் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் (ஏ.எஸ்.ஆர்.எஸ்.) தொடங்கியது. அதை வடிவமைத்து நடத்தியவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் பில்லிங்ஸ் என்ற மருத்துவர்.

அந்தத் திட்டத்தின் படிவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நம்பிக்கை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. படிவத்தின் மேல்பகுதி கிழித்தெடுக்கக்கூடிய ஒரு துண்டு. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில்தான். நடந்த கதை கீழ்ப்பகுதியில். அறிக்கை வந்ததும் விமானமோட்டியும் கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் அனுபவப்பட்ட ஆய்வாளர்கள் அதைப் படிக்கிறார்கள். புரியாத இடம் இருந்தால் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் மேல் துண்டில் தேதி முத்திரை குத்தி எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு நாசாவிடம் அந்தப் பெயரே இருக்காது. கதையிலிருந்தும் நிறுவனத்தின் பெயர், தேதி போன்ற, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் நீக்கப்பட்ட பிறகே அது தரவுத்தளத்துக்குள் போகிறது. யாராவது பின்னால் வந்து பெயரைக் கேட்டாலும் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. இன்று வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன, எழுதியவரின் அடையாளம் ஒருமுறைகூட வெளியானதில்லை என்கிறது நாசா.

இது மொட்டைக் கடிதத் திட்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்கள் பெயரில்லாமல் சீட்டுப் போடும் பெட்டியை வைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கின்றன. பெயரில்லாத சீட்டில் ‘இரண்டாம் நம்பர் கிரேனில் பிரேக் சரியில்லை’ என்று எழுதியிருந்தால், எந்த நேரத்தில், எவ்வளவு பாரத்தோடு, ஒருமுறையா பலமுறையா என்று யாரிடம் கேட்பது? பார்த்துவிட்டோம், இதைச் செய்தோம் என்று யாருக்குப் பதில் சொல்வது? பெயர் தெரிய வேண்டும், ஆனால் சில நாட்களுக்கு, ஓரிருவருக்கு மட்டும் தெரிய வேண்டும். பெயரில்லாத வழியையும் அடைக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் பலர் அதைத்தான் பயன்படுத்துவார்கள். நாளடைவில் பெயர் போட்டு எழுதுபவர்களின் பங்கு கூடுகிறதா என்று பார்த்தாலே அமைப்பு வேரூன்றுகிறதா என்பது தெரிந்துவிடும்.

நாசா திட்டத்தின் இன்னொரு பலம், சலுகையின் எல்லை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருப்பது. சம்பவம் நடந்த 10 நாளுக்குள் அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். மீறல் வேண்டுமென்றே செய்ததாக இருக்கக் கூடாது. குற்றச்செயலோ உண்மையான விபத்தோ இந்தச் சலுகைக்குள் வராது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் வேறு மீறல் நிரூபணமாகியிருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினால், எஃப்.ஏ.ஏ. தன் வழியில் மீறலைக் கண்டுபிடித்தாலும் உரிமத்தை முடக்காது, அபராதம் போடாது. திரும்பி வந்த அந்த முத்திரைத் துண்டுதான் விமானி காட்ட வேண்டிய ஆதாரம். ‘யாரையும் தண்டிக்க மாட்டோம்’ என்று பொதுவாகச் சொல்லும் நிர்வாகம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் நாளில் தன் வாக்கைத் தானே உடைக்கிறது. எது மன்னிக்கப்படும், எது மன்னிக்கப்படாது என்று முதல் நாளே தெளிவாகச் சொன்ன நிர்வாகத்துக்கு அந்தச் சிக்கல் வருவதில்லை.

ஆனால் நாசாவால் எதையும் சரிசெய்ய முடியாது. தண்டிக்கும் அதிகாரம் இல்லாததால்தான் நம்பிக்கை வந்தது. அதே காரணத்தால், ஓடுதளக் குறியீடு குழப்புகிறது என்று நாற்பது விமானிகள் எழுதினாலும் நாசா பெயிண்ட் அடிக்க முடியாது. அந்த விமான நிலையத்துக்கும் எஃப்.ஏ.ஏ.வுக்கும் எச்சரிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான். செய்வதும் விடுவதும் அவர்கள் பொறுப்பு.

இந்த இடைவெளியை அடைக்கப் பிறந்தது, ஒவ்வொரு விமான நிறுவனத்துக்குள்ளும் இயங்கும் ஏசாப் என்ற செயல்திட்டம். எஃப்.ஏ.ஏ. 1997இல் அதற்கு முறையான வழிகாட்டல் வெளியிட்டது. இங்கே அறிக்கைகளைப் படிப்பது மூன்று பேர் கொண்ட குழு. நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், தொழிற்சங்கத்தின் சார்பில் ஒருவர், எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் ஒருவர். ஒவ்வொரு அறிக்கையையும் ஏற்பதா, என்ன செய்வது என்பதை மூவரும் ஒருமனதாக முடிவுசெய்ய வேண்டும். பெரும்பான்மை வாக்கு கிடையாது. அதனால் தொழிலாளர் பிரதிநிதியை ஒதுக்கிவிட்டு இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைப் பலிகொடுக்க முடியாது. அதே மேசையில் செலவுக்கு வழிசெய்யக்கூடியவரும் விதியை மாற்றக்கூடியவரும் உட்கார்ந்திருப்பதால், தீர்மானம் காகிதத்தோடு நின்றுபோவதும் கடினம். இந்த முறையும் உடையக்கூடியதுதான். எந்த மீறலுக்கு நிறுவனம் தண்டிக்கலாம் என்ற தகராறில் நிர்வாகமும் சங்கமும் உடன்பாட்டைப் புதுப்பிக்காததால், 2008 வாக்கில் சில பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இந்தத் திட்டமே சில காலம் நின்றுபோனது.

தொழிற்சாலைக்குள் வரும்போது

ஒரு சாதாரண ஆலையில் நாசா கிடையாது. ஆனாலும் அதே பிரிவினையைச் சின்ன அளவில் செய்ய முடியும். அறிக்கையை வாங்குபவர் அந்தத் தொழிலாளியின் சூப்பர்வைசராகவோ மனிதவளத் துறையாகவோ இருக்கக் கூடாது, ஏனென்றால் விடுப்பும் ஊதிய உயர்வும் அவர்கள் கையில் இருக்கின்றன. பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஒருவரும் சேர்ந்து வாங்கலாம். போபால் பேரழிவுக்குப் பிறகு 1987இல் திருத்தப்பட்ட இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. அப்படி ஒரு குழு உயிரோடு இயங்கும் ஆலையில் அதற்குள்ளிருந்தே இந்த இருவரைப் பிடிக்கலாம்.

நடைமுறை எப்படி இருக்கும் என்பதைக் கற்பனையான ஒரு சம்பவத்தை வைத்துப் பார்க்கலாம். இரவு ஷிப்ட். குடோனிலிருந்து லாரி ஏற்றும் மேடைக்குப் போக இரண்டு வாசல்கள், ஒன்று ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு, இன்னொன்று ஆட்களுக்கு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வண்டிகள் போகும் வாசலில் தள்ளுவண்டியோடு நுழைகிறார். பாரத்தோடு பின்பக்கமாக வந்த ஃபோர்க்லிஃப்ட் அவருக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிவிட்டுக் கலைந்துபோகலாம். அப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். எழுதினால் ஓட்டுநருக்கு மெமோ வரும், விதியை மீறி அந்த வாசலில் நுழைந்ததற்காகத் தன்னைக் காண்ட்ராக்டர் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார் என்று அந்தத் தொழிலாளி நினைப்பார். அவருடைய பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே பாதுகாப்பு உண்டு, அறிக்கை கொடுத்ததற்காக ஆளை மாற்றக் கூடாது என்று காண்ட்ராக்டரின் ஒப்பந்தத்திலேயே எழுதாதவரை, ஆலையில் மிக ஆபத்தான வேலைகளைச் செய்பவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராது.

அவர் சொல்வதற்கு நான்கு கேள்விகள் போதும். எங்கே, எப்போது? என்ன நடந்தது? தப்பியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பக்கப் படிவமும் ‘மூல காரணம்’ என்ற கட்டமும் அவருக்கு வேண்டாம். காரணத்தைத் தேடுவது வாங்குபவரின் வேலை. எழுதத் தயங்குபவர் தன் மொழியில் தொலைபேசியில் பேசிப் பதிவுசெய்யவும் வழி வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த ஆலையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் படிவம் வைத்திருப்பது, அவர்களிடம் எதையும் கேட்கவில்லை என்பதற்குச் சமம்.

அறிக்கையை வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது அவரிடம் பேசுவது. ஏன் வண்டி வாசலில் வந்தீர்கள் என்று குற்றம் சாட்டும் தொனியில்லாமல் கேட்டால் பதில் வரும். திருட்டைத் தடுக்க ஆட்கள் வாசலை இரவு எட்டு மணிக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள். சாவி செக்யூரிட்டியிடம். சுற்றிக்கொண்டு போனால் ஏற்றும் வேலை தாமதமாகும், தாமதமானால் திட்டு. ஓட்டுநரிடம் கேட்டால் இன்னொரு பாதி தெரியும். வாசலை ஒட்டிப் புதிதாக வைத்த கடைசி அலமாரி திருப்பத்தை மறைக்கிறது, யார் வருகிறார்கள் என்று நெருங்கும் வரை தெரியாது. ஆக, ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் மூடப்படவிருந்த கதைக்குள் செக்யூரிட்டி துறையின் முடிவு ஒன்றும் ஸ்டோர்ஸ் துறையின் முடிவு ஒன்றும் இருக்கின்றன.

இங்கேதான் பெரும்பாலான அமைப்புகள் சறுக்குகின்றன. பதிவேட்டில் ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்ற பத்தியைப் புரட்டிப் பார்த்தால் ‘அறிவுரை வழங்கப்பட்டது’, ‘ஷிப்ட் தொடக்கத்தில் பேசப்பட்டது’, ‘எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டது’ என்று வரிசையாக இருக்கும். இவை எல்லாம் செலவில்லாதவை, யாருடைய அனுமதியும் வேண்டாதவை, அதனால்தான் அத்தனை முறை எழுதப்படுகின்றன. உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறந்து மணி அடிக்கும் கதவு, பின்னுக்கு நகர்த்தப்பட்ட அலமாரி, வண்டிப் பாதையையும் நடைபாதையையும் பிரிக்கும் இரும்புத் தடுப்பு ஆகிய மூன்றும் இந்தச் சம்பவத்துக்கு உண்மையான பதில்கள். மூன்றுக்கும் பணம் வேண்டும், மூன்றும் வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. பாதுகாப்பு அதிகாரியால் தனியாக ஒன்றையும் செய்ய முடியாது. ஆகவே செலவுக்குக் கையெழுத்துப் போடும் ஒரு மேலாளரின் பெயரும் ஒரு தேதியும் அறிக்கைக்கு எதிரே எழுதப்பட வேண்டும். ‘பராமரிப்புத் துறை’ என்று துறையின் பெயரை எழுதினால் அது யாருடைய வேலையும் அல்ல.

எல்லா அறிக்கையும் மேலே போக வேண்டியதில்லை. உடைந்த தரை ஓட்டை சூப்பர்வைசரே அன்றைக்கே மாற்றிவிடலாம். தரம் பிரிக்கும்போது என்ன நடந்தது என்று பார்க்காமல் என்ன நடந்திருக்கக்கூடும் என்று பார்க்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் மோதியிருந்தால் உயிர் போயிருக்கும் என்பதால் குடோன் சம்பவம் அதே ஷிப்டில் ஆலை மேலாளருக்குப் போக வேண்டும். நூறு தரை ஓடுகள் சரிசெய்யப்பட்ட கணக்கைக் காட்டி இந்த ஒன்று தள்ளிப்போடப்பட்டால், அறிக்கைகளின் எண்ணிக்கைதான் நிர்வாகத்தின் கண்ணை மறைக்கிறது என்று பொருள்.

அறிக்கை கொடுத்தவருக்கு இரண்டு நாளுக்குள் ஒரு பதில், ஒரு வாரத்துக்குள் முடிவு என்பது நியாயமான கெடு. செய்ய முடியாது என்பதும் ஒரு முடிவுதான். காரணத்தோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராவிட்டால் அவர் இரண்டாவது அறிக்கையை எழுதப்போவதில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் அதைச் சொல்லிவிடுவார். வேலை முடிந்தது என்று பதிவேட்டில் எழுதி ஒரு மாதம் கழித்து ஒருவர் இரவு ஷிப்டில் அந்த மேடைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். ஆட்கள் எந்த வாசலில் வருகிறார்கள்? இன்னும் வண்டி வாசலில்தான் என்றால் அறிக்கையைத் திரும்பத் திறக்க வேண்டும்.

அமைதியும் எண்ணிக்கையும்

அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். ஒரு பிரிவைத் திரும்ப இயக்கத் தொடங்கும்போது கோபுரம் அளவுக்கு மேல் நிரம்பி, திறந்தவெளிப் புகைக்கூண்டு வழியே எரியக்கூடிய திரவம் பொங்கி வழிந்து தீப்பிடித்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அதே புகைக்கூண்டிலிருந்து எட்டு முறை எரியக்கூடிய ஆவி ஆபத்தான அளவில் வெளியேறியிருந்ததை விசாரணை வாரியம் கண்டுபிடித்தது. அதற்கு முன் நடந்த தொடக்கங்களில் பெரும்பாலானவற்றில் கோபுரத்தின் மட்டம் விதித்த அளவைத் தாண்டித்தான் ஓடியிருந்தது. அவற்றை யாரும் நியர் மிஸ்ஸாக எண்ணவில்லை, ஏனென்றால் தொடக்கம் என்றாலே அப்படித்தான் என்று ஆகிவிட்டிருந்தது. நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தது கால் இடறி விழுந்தவர்கள், கை வெட்டிக்கொண்டவர்கள் கணக்கை. அந்தக் கணக்கு நன்றாகவே இருந்தது. ஆகவே நியர் மிஸ்ஸுக்கான வரையறையில் திடுக்கிட வைத்த சம்பவங்களோடு, எல்லோருக்கும் பழகிப்போன அளவு மீறல்களும் இடம்பெற வேண்டும். அபாயமணி அடித்த நேரங்களையும் மட்டம் தாண்டிய நேரங்களையும் கருவிகளின் பதிவிலிருந்து தானாகவே எடுத்து இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அதற்கு யாருடைய தைரியமும் தேவையில்லை.

எண்ணிக்கையை வைத்து இந்த அமைப்பை நடத்த முயல்வது மிகப் பரவலான தவறு. ஆளுக்கு மாதம் இரண்டு அறிக்கை என்று இலக்கு வைத்தால் இரண்டு அறிக்கை வரும். மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரே மாதிரியான வாசகத்தில், ‘தரையில் தண்ணீர் இருந்தது’ என்று வரும். எண்ணிக்கையைக் குறைக்க இலக்கு வைத்தால் அதுவும் குறையும், ஆபத்து மட்டும் குறையாது. விபத்தில்லா நாட்களுக்கு ஊக்கத்தொகை தரும் ஆலையில் ஒருவர் அடிபட்டதைச் சொன்னால் மொத்தப் பிரிவின் பணமும் போகும் என்பதால், சக தொழிலாளர்களே வாயை அடைத்துவிடுவார்கள். நாசாவும் தன் அறிக்கைகளிலிருந்து விபத்து விகிதம் கணக்கிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. விருப்பத்தின் பேரில் வருபவை என்பதால், ஒரு வகை அறிக்கை கூடினால் ஆபத்து கூடியதா, சொல்பவர்கள் கூடினார்களா என்று பிரித்தறிய முடியாது.

அதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியவை வேறு. முதல் பதில் போக எத்தனை நாள் ஆகிறது, அறிவுரையோடு முடிந்தவை எத்தனை, இயந்திரத்தையோ இடத்தையோ மாற்றியவை எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர்களிடமிருந்தும் இரவு ஷிப்டிலிருந்தும் வந்தவை எத்தனை என்பவை. எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. ‘நான் பூட்டு மாட்டாமல் கையை உள்ளே விட்டேன்’ என்பது போல, தன் தவறைத் தானே சொல்லும் அறிக்கைகள் வருகின்றனவா என்பதே அது. அடுத்தவரைப் பற்றியும் பொருட்களைப் பற்றியும் மட்டுமே அறிக்கைகள் வரும் ஆலையில் பயம் இன்னும் போகவில்லை. ஒரு பிரிவிலிருந்து மாதக்கணக்கில் ஒன்றுமே வரவில்லை என்றால் அங்கே போய்ப் பார்க்க வேண்டியது அவசரம்.

மாதாந்தர நிர்வாகக் கூட்டத்தில் உற்பத்திக் கணக்குக்கு முன்பாக, உயிர் போயிருக்கக்கூடிய வகையில் இன்னும் திறந்திருக்கும் அறிக்கைகளை, எத்தனை நாளாகத் திறந்திருக்கின்றன, யார் பெயரில் இருக்கின்றன என்பதோடு ஆலையின் தலைமை மேலாளரே படிக்க வேண்டும். அதே பட்டியலை, அறிக்கை கொடுத்தவர்களின் அடையாளம் தெரியாதபடி, பொறுப்பேற்ற மேலாளர்களின் பெயரோடு உணவுக்கூட வாசலிலும் ஒட்ட வேண்டும். இந்த அமைப்பில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய பெயர் சரிசெய்ய வேண்டியவருடையது மட்டும்தான்.